ஒரே கூரை, மூன்று திட்டங்கள்: வாடகையும் மின்கட்டணமும் யார் கணக்கில்?

"இந்த மாத வாடகையை எந்தத் திட்டத்தில் எழுதுவது?" என்று கேட்டால், பல சிறிய தொண்டு நிறுவனங்களில் வரும் பதில் ஒன்றுதான்: "எதில் பணம் மிச்சம் இருக்கிறதோ அதில் எழுதுங்கள்." கணக்கு எழுதப் பழகிய தொடக்கத்தில் நானும் அப்படித்தான் எழுதினேன். யாரும் திருடவில்லை, எல்லாப் பணமும் வாடகைக்குத்தான் போனது. அப்புறம் ஆடிட் வந்தது. "ஜூன் மாதம் முழு வாடகையும் இந்தத் திட்டத்தில் இருக்கிறது, ஜூலையில் ஒன்றுமே இல்லை. ஜூலையில் இந்தத் திட்டத்துக்காரர்கள் எங்கே உட்கார்ந்தார்கள்?" என்று ஆடிட்டர் கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

பகிர்வது என்றால் சதவீதம் போடுவது என்று பலரும் நினைக்கிறார்கள். சதவீதம் கடைசியில்தான் வருகிறது. அது எதிலிருந்து வந்தது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு அலுவலகத்தை எடுத்துக்கொண்டு, அதன் வாடகையையும் மின்கட்டணத்தையும் மூன்று திட்டங்களுக்குப் படிப்படியாகப் பிரித்துப் பார்ப்போம். தொகைகளுக்கு நாணயம் போடவில்லை. உங்கள் நாணயத்தை வைத்துப் படித்துக்கொள்ளுங்கள்.

## முதலில் ஒரு வீட்டை நினைத்துக்கொள்வோம்

மூன்று நண்பர்கள் சேர்ந்து ஒரு வீட்டில் வாடகைக்கு இருக்கிறார்கள். ஒருவருக்குப் பெரிய அறை, இன்னொருவருக்குச் சின்ன அறை. மூன்றாமவர் கூடத்தில் ஒரு மூலையில் கட்டில் போட்டிருக்கிறார். வாடகையை மூன்றாகப் பிரித்தால் கூடத்தில் படுப்பவர் முகம் சுளிப்பார். சம்பளத்தைப் பார்த்துப் பிரித்தால், அதிகச் சம்பளம் வாங்குபவர் கூடத்தில் படுப்பவராகக்கூட இருக்கலாம். "அவனிடம் பணம் இருக்கிறது, அவன் கொடுக்கட்டும்" என்பது நட்பில் சரிப்படும், கணக்கில் சரிப்படாது. யார் எவ்வளவு இடத்தைப் பிடித்திருக்கிறார்களோ அந்த அளவுக்குக் கொடுப்பதுதான் அங்கே நியாயம்.

மின்கட்டணம் வேறு கதை. சின்ன அறைக்காரர் இரவு முழுக்க ஏசி போடுகிறார். பெரிய அறைக்காரர் வாரத்தில் நான்கு நாள் வெளியூர். இங்கே அறையின் அளவைப் பார்த்தால் கணக்கு தலைகீழாகிவிடும். அறை எவ்வளவு பெரியது என்பதைவிட, யார் எவ்வளவு நேரம் இருந்தார்கள், எதை ஓட்டினார்கள் என்பதுதான் கேள்வி.

அலுவலகத்திலும் இதேதான். வாடகை என்பது இடத்துக்குக் கொடுக்கும் காசு. மின்சாரம், தண்ணீர், இணையம் எல்லாம் பெரும்பாலும் ஆட்களும் கருவிகளும் தின்னும் காசு. இரண்டுக்கும் ஒரே அளவுகோல் போட வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் ஒரே சதவீதத்தை வைத்து எல்லா பில்லையும் வெட்டுவதுதான் வழக்கமாக நடக்கிறது.

## மூன்று சொற்கள்

மேலே போகும்முன் மூன்று சொற்களை மட்டும் தெளிவாக்கிக்கொள்வோம்.

ஒரு திட்டத்துக்கு மட்டுமே உரியது என்று பார்த்தவுடன் சொல்லிவிடக்கூடிய செலவு நேரடிச் செலவு. கல்வித் திட்டத்துக்கு வாங்கிய பாடநூல் ஓர் எடுத்துக்காட்டு. ஒன்றுக்கு மேற்பட்ட திட்டங்கள் சேர்ந்து அனுபவிப்பது பொதுச் செலவு. வாடகை, மின்கட்டணம் போன்றவை. பொதுச் செலவை எதை அளந்து பிரிக்கிறோமோ அது பகிர்வு அடிப்படை. சதுர அடி ஒரு பகிர்வு அடிப்படை, ஊழியர்கள் வேலை செய்த மணிநேரம் இன்னொன்று.

நல்ல பகிர்வு அடிப்படைக்கு ஒரு சோதனை உண்டு. அந்த அளவு கூடினால் செலவுக்கான தேவையும் கூட வேண்டும். ஆள் கூடினால் இடம் தேவை, சரி. நேரம் கூடினால் விளக்கும் கணினியும் எரிகின்றன, சரி. ஒரு திட்டத்தின் பட்ஜெட் கூடினால் அலுவலகத்தில் இடம் கூடத் தேவைப்படுமா? குழாயும் மோட்டாரும் வாங்குகிற திட்டத்தின் பட்ஜெட் மிகப் பெரிதாக இருக்கும். ஆனால் அந்தக் குழாய் அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை செய்வதில்லை.

## நம் அலுவலகம்

மொத்தப் பரப்பு 1,500 சதுர அடி. மாத வாடகை 60,000. மூன்று திட்டங்கள்: கல்வி, மருத்துவம், குடிநீர். அளவு நாடாவை வைத்து அறை அறையாக அளந்தபோது கிடைத்தது இது:

| இடம் | சதுர அடி | யார் பயன்படுத்துகிறார்கள் |
|---|---|---|
| பெரிய அறை | 450 | கல்வி மட்டும், 3 பேர் |
| சின்ன அறை | 300 | மருத்துவம் மட்டும், 4 பேர் |
| வேலைக்கூடம் | 250 | மூன்று திட்டங்களுக்கும் வேலை செய்யும் 4 பேர் |
| நிர்வாக அறை | 200 | மேலாளர், கணக்காளர் |
| நடைவழி, கழிப்பறை, கூட்ட அறை | 300 | எல்லோரும் |

குடிநீர்த் திட்டத்துக்கென்று தனி அறை இல்லை என்பதைக் கவனியுங்கள். அதன் வேலை முழுவதும் வேலைக்கூடத்து ஆட்கள் வழியாகத்தான் நடக்கிறது. இதனால்தான் "பரப்பளவா, நேரமா, எது சரி?" என்ற கேள்விக்கு இந்த அலுவலகத்தில் ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது.

## படி ஒன்று: பரப்பளவு எதுவரை போகிறது

பொது இடமான 300 சதுர அடியில்தான் புதியவர்கள் முதலில் தடுமாறுவார்கள். நடைவழியை யார் கணக்கில் எழுதுவது? யார் கணக்கிலும் தனியாக எழுத வேண்டாம். வகுக்கும் எண்ணிலிருந்து அதை எடுத்துவிட்டால் போதும். 1,500-இல் 300 போனால் மீதி 1,200. வாடகை 60,000-ஐ 1,200-ஆல் வகுத்தால் சதுர அடிக்கு 50. நடைவழியின் விலை இப்போது ஒவ்வோர் அறையின் சதுர அடியிலும் அதனதன் அளவுக்கு ஏறி உட்கார்ந்துவிட்டது.

இனி பெருக்க வேண்டியதுதான். பெரிய அறை 22,500. சின்ன அறை 15,000. வேலைக்கூடம் 12,500. நிர்வாக அறை 10,000. கூட்டினால் 60,000. கூட்டிப் பார்ப்பது சின்ன வேலைதான், ஆனால் தவறாமல் செய்ய வேண்டும். 1,500-ஆல் வகுத்துவிட்டு (சதுர அடிக்கு 40) நடைவழியை மறந்துவிட்டால் 12,000 அந்தரத்தில் தொங்கும். அதை யாராவது ஒரு திட்டத்தில் "அட்ஜஸ்ட்" பண்ணித் தொலைப்பார்கள்.

முதல் இரண்டு அறைகளுக்கும் வேலை முடிந்துவிட்டது. தனி அறையில் ஒரே திட்டம் இருப்பதால் அந்தத் தொகை நேராக அந்தத் திட்டத்துக்குப் போகிறது. வேலைக்கூடத்துக்கு மட்டும் பரப்பளவால் இதற்கு மேல் ஒன்றும் சொல்ல முடியாது. அங்கே ஒரே நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் காலையில் குடிநீர்த் திட்டத்துக்கும் மாலையில் கல்வித் திட்டத்துக்கும் வேலை செய்கிறார். நாற்காலிக்கு நடுவே கோடு போட்டு அளக்க முடியுமா?

இதுவரை: பரப்பளவு ஓர் அறையின் விலையைச் சொல்லும். ஓர் அறைக்குள் பல திட்டங்கள் கலந்திருந்தால் அதற்குள் எட்டிப் பார்க்காது.

## படி இரண்டு: நேரம் உள்ளே வருகிறது

வேலைக்கூடத்து 4 பேரும் டைம்ஷீட் எழுதுகிறார்கள். டைம்ஷீட் என்பது ஒவ்வொரு நாளும் எந்தத் திட்டத்துக்கு எத்தனை மணிநேரம் வேலை செய்தோம் என்று ஊழியர் தாமே எழுதி, மேலாளர் கையெழுத்திடும் தாள். அந்த மாதம் நான்கு பேருக்கும் சேர்த்து 640 மணிநேரம். அதில் 40 மணிநேரம் விடுப்பு. விடுப்பை எந்தத் திட்டத்திலும் எழுதாமல் தள்ளிவிட்டு, வேலை செய்த 600 மணிநேரத்தை மட்டும் எடுக்கிறோம். கல்விக்கு 150, மருத்துவத்துக்கு 90, குடிநீருக்கு 360. அதாவது 25, 15, 60 சதவீதம்.

வேலைக்கூடத்தின் 12,500-ஐ இதன்படி பிரித்தால் கல்விக்கு 3,125, மருத்துவத்துக்கு 1,875, குடிநீருக்கு 7,500. முதல் படியில் வந்ததோடு சேர்த்தால்: கல்வி 25,625, மருத்துவம் 16,875, குடிநீர் 7,500. இவை 50,000. நிர்வாக அறையின் 10,000 தனியாக நிற்கிறது. அதற்குக் கொஞ்சம் கழித்து வருவோம்.

இப்போது வேறு வழிகளில் என்ன வந்திருக்கும் என்று பார்த்தால்தான் இந்த இரண்டு படிகளின் பலன் தெரியும். மூன்றாகச் சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு 20,000. பட்ஜெட் விகிதத்தில், அதாவது கல்வி 30, மருத்துவம் 20, குடிநீர் 50 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், குடிநீர்த் திட்டம் 30,000 கட்டியிருக்கும். தனி அறைகூட இல்லாத திட்டம் வாடகையில் பாதியைச் சுமக்கிறது! குடிநீருக்கு நிதி தருபவர் "எங்கள் அறையைக் காட்டுங்கள்" என்று கேட்டால் எதைக் காட்டுவது?

முழு அலுவலகத்தையும் நேரத்தால் மட்டுமே பிரித்தாலும் சிக்கல் உண்டு. தனி அறைக்காரர்களின் நேரத்தையும் சேர்த்தால் அந்த மாதம் கல்விக்கு 610 மணிநேரம், மருத்துவத்துக்கு 720, குடிநீருக்கு 360. இந்த விகிதத்தில் அதே 50,000-ஐப் பிரித்தால் கல்விக்குச் சுமார் 18,000, மருத்துவத்துக்கு 21,300, குடிநீருக்கு 10,700 வரும். சின்ன அறையில் 4 பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும் மருத்துவத் திட்டம் அதிகம் கட்டுகிறது. பாதி அறையைப் புத்தக அலமாரிக்கே கொடுத்துவிட்டு 3 பேர் காலை நீட்டி உட்கார்ந்திருக்கும் கல்வித் திட்டம் குறைவாகக் கட்டுகிறது. இடத்துக்கு வாடகை என்றால் அலமாரிக்கும் வாடகை உண்டு.

எல்லோரும் ஒரே பெரிய கூடத்தில், யாருக்கும் நிரந்தர மேசை இல்லாமல் வேலை செய்யும் அலுவலகம் என்றால் பேச்சே வேறு. அங்கே அளக்க அறையே இல்லை, நேரம் மட்டும் போதும். மாறாக, ஒவ்வொரு திட்டத்துக்கும் பூட்டிய தனி அறை என்றால் பரப்பளவு மட்டும் போதும். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் இரண்டு படிகளும்.

### களப்பணியாளரின் நாற்காலி

இங்கே ஒரு கேள்வி வரும். வேலைக்கூடத்தில் ஒருவர் வாரத்தில் நான்கு நாள் களத்தில் இருக்கிறார், ஒரு நாள்தான் அலுவலகம் வருகிறார். அவருடைய நேரம் முழுவதையும் எடுப்பதா, அலுவலகத்தில் இருந்த நேரத்தை மட்டும் எடுப்பதா?

வாடகைக்கு முழு நேரத்தையும் எடுப்பேன். அவர் வராத நாளிலும் அவர் மேசை அவருக்காகத்தான் காத்திருக்கிறது. வாடகை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. மின்சாரத்துக்கு அப்படி எடுத்தால் தவறு, ஏனென்றால் அவர் இல்லாதபோது அவருடைய கணினி ஓடவில்லை. மேசையைப் பலர் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும் இடமாக இருந்தால் வாடகைக்கும் அலுவலக நேரத்தையே எடுக்கலாம். எதை எடுத்தாலும் எல்லாத் திட்டத்துக்கும் ஒரே மாதிரி எடுக்க வேண்டும். குடிநீர்த் திட்டத்துக்கு ஒரு நியாயம், கல்வித் திட்டத்துக்கு இன்னொரு நியாயம் என்று வைத்துக்கொள்ளக் கூடாது. நம் அலுவலகத்தில் அப்படி ஆள் யாரும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். எழுதிய நேரம் எல்லாம் அலுவலக நேரமே.

## மின்கட்டணம்: முதலில் பெரிய வாயைத் தனியே பிரியுங்கள்

அந்த மாத மின் பில் 12,000. மொத்தம் 1,200 யூனிட், அதாவது யூனிட்டுக்கு 10.

உடனே மணிநேரத்தை எடுத்து வகுத்துவிடலாம் என்று கை பரபரக்கும். பொறுங்கள். மருத்துவத் திட்டத்து அறையில் மருந்து வைக்கும் இரண்டு குளிர்பதனப் பெட்டிகள் இருக்கின்றன. அவை ஞாயிற்றுக்கிழமையும் ஓடுகின்றன, இரவு இரண்டு மணிக்கும் ஓடுகின்றன. அந்த நேரத்தில் அலுவலகத்தில் ஒரு மனிதர்கூட இல்லை. ஆக, ஊழியர் நேரத்துக்கும் அந்தப் பெட்டிகளின் மின்சாரத்துக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. இது உண்மையில் பொதுச் செலவே அல்ல, பொது பில்லுக்குள் ஒளிந்திருக்கும் நேரடிச் செலவு.

எவ்வளவு தின்கிறது என்று எப்படி அறிவது? பெட்டியின் பின்னால் ஒட்டியிருக்கும் வாட் எண்ணை 24-ஆல் பெருக்கினால் கூடுதலாக வந்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் மோட்டார் தொடர்ந்து ஓடுவதில்லை. ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். பிளக்குக்கும் சுவர்ச் செருகிக்கும் நடுவே மாட்டுகிற சின்ன மீட்டர் ஒன்றை வைத்துச் சில நாள் அளப்பதே நல்லது. நம் அலுவலகத்தில் இரண்டு பெட்டிகளும் சேர்ந்து மூன்று நாளில் 20 யூனிட் எடுத்தன. 30 நாளுக்கு 200 யூனிட், 2,000. இது நேராக மருத்துவத் திட்டத்துக்கு. என்று அளந்தோம், எத்தனை யூனிட் என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு வைத்தால் அடுத்த சில மாதங்களுக்கு அதையே பயன்படுத்தலாம். வெயில் காலத்தில் ஒரு முறை மறுபடி அளந்துவிடுங்கள், அப்போது பெட்டி அதிகம் ஓடும்.

மீதி 10,000-ஐ மட்டும் மணிநேரத்தால் பிரிக்கிறோம். நிர்வாக அறைக்காரர்கள் இருவரின் 310 மணிநேரத்தையும் சேர்த்தால் மொத்தம் 2,000 மணிநேரம். மணிக்கு 5 ஆகிறது. கல்வி 610 × 5 = 3,050. மருத்துவம் 720 × 5 = 3,600, பெட்டிகளோடு சேர்த்து 5,600. குடிநீர் 1,800. நிர்வாகம் 1,550. கூட்டினால் 12,000.

இந்த மணிக்கு 5 என்பது ஒரு தோராயம்தான். ஒருவர் இரண்டு திரை வைத்திருப்பார், இன்னொருவர் காகிதத்திலேயே வேலை செய்வார். அதையெல்லாம் அளக்கப் புறப்பட்டால் அளக்கும் செலவு பில்லை மிஞ்சிவிடும். பெரிய வாய்களைத் தனியே பிரித்துவிட்டு, மீதியை நியாயமான ஓர் அளவுகோலால் பிரிப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். தண்ணீர் பில்லுக்கும் இணைய பில்லுக்கும் இதே மணிநேர விகிதம் போதும்.

இதுவரை: வாடகைக்கு அறை அளவு, கலந்த அறைக்குள் நேரம். மின்சாரத்துக்கு முதலில் தனிக் கருவிகளை எடுத்துவிட்டு, மீதிக்கு நேரம்.

## நிர்வாக அறையை இரண்டு முறை விற்காதீர்கள்

தனியே நிறுத்திவைத்த தொகைக்கு வருவோம். நிர்வாக அறையின் வாடகை 10,000, மின்சாரம் 1,550. மேலாளரும் கணக்காளரும் எந்த ஒரு திட்டத்துக்கும் தனியாக வேலை செய்வதில்லை. நிறுவனத்துக்கே வேலை செய்கிறார்கள். இப்படி நிறுவனத்தை நடத்துவதற்காகவே ஆகும் செலவை நிர்வாகச் செலவு என்கிறோம்.

நிதி தருபவர்களில் பலர் நிர்வாகச் செலவுக்கென்று திட்டச் செலவில் ஒரு சதவீதத்தைத் தனியாகக் கொடுப்பார்கள். அப்படிக் கொடுத்தால் இந்த 11,550 அந்தச் சதவீதப் பணத்திலிருந்துதான் போக வேண்டும். அதையும் வாங்கிக்கொண்டு, நிர்வாக அறை வாடகையையும் "வாடகைப் பங்கு" என்று அதே திட்டத்தில் எழுதினால், ஒரே அறைக்கு ஒரே ஆளிடம் இரண்டு முறை காசு வாங்கியதாகிவிடும். நல்லெண்ணத்தோடு செய்பவர்களும் இதில் விழுகிறார்கள், ஏனென்றால் வாடகைத் தாளை ஒருவர் போடுகிறார், நிர்வாகச் சதவீதத்தை இன்னொருவர் போடுகிறார், இரண்டும் சந்திப்பதே இல்லை.

அந்தச் சதவீதம் எதுவும் கிடைக்காத திட்டங்கள் என்றால், ஏற்கெனவே வந்த வாடகைப் பங்கின் விகிதத்திலேயே இந்த 10,000-ஐப் பிரிக்கலாம். 50,000-இல் கல்வி 25,625 என்றால் 51.25 சதவீதம், ஆக 5,125. மருத்துவம் 3,375. குடிநீர் 1,500.

சரி, மருத்துவத் திட்டத்துக்கு நிதி தருபவர் "வாடகையே தர மாட்டோம்" என்று ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்? அப்போதும் பகிர்வுத் தாளில் மருத்துவத்தின் பங்கு 16,875 என்றே இருக்க வேண்டும். யார் கொடுப்பது என்பது வேறு, யார் பயன்படுத்தினார்கள் என்பது வேறு. அந்தத் தொகையை நிறுவனம் தன் சொந்த நிதியிலிருந்து கொடுக்க வேண்டும். கல்விக்கும் குடிநீருக்கும் தள்ளிவிட்டால், அவர்கள் மருத்துவத் திட்டத்தின் வாடகையைக் கட்டியதாகிவிடும். நான் பார்த்த தவறுகளில் இதுவே மிக அதிகம் நடப்பது. தாளில் மருத்துவத்தின் வரிசையே இருக்காது. மொத்தம் மட்டும் சரியாக 60,000 காட்டும்.

## மாதாமாதம் தாள் எப்படி ஓடுகிறது

பில் வந்ததும் அதை எந்தத் திட்டத்திலும் நேராக எழுதாமல் "பொதுச் செலவு" என்ற இடைக்கணக்கில் முழுத் தொகையையும் எழுதுவது என் வழக்கம். மாத இறுதியில் பகிர்வுத் தாளைப் போட்டு, அதன்படி இடைக்கணக்கிலிருந்து ஒவ்வொரு திட்டத்துக்கும் மாற்றினால், இடைக்கணக்கில் மீதி பூஜ்யம் ஆக வேண்டும். ஆகவில்லை என்றால் எங்கோ ஒரு பங்கு விடுபட்டிருக்கிறது, அல்லது யாரோ ஒருவர் பில்லை நேராகவும் எழுதியிருக்கிறார்.

விரிதாளில் ஒரு பங்குக்கான சூத்திரம் இவ்வளவுதான். `B1`-இல் பில் தொகை, `C2` முதல் `C4` வரை மணிநேரம், `C5`-இல் அவற்றின் கூட்டல் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்:

```
=ROUND($B$1*C2/$C$5,2)
```

தசமத்தை வெட்டுவதால் சில மாதம் கூட்டலில் 0.01 இடிக்கும். கடைசித் திட்டத்துக்குச் சூத்திரம் போடாமல், பில்லிலிருந்து மற்றவற்றைக் கழித்து வருவதை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

அசல் பில் ஒன்றுதான் இருக்கும், அது பொதுக் கோப்பில் இருக்கட்டும். ஒவ்வொரு திட்டத்தின் கோப்பிலும் பில்லின் நகலும் அந்த மாதப் பகிர்வுத் தாளும் இருக்க வேண்டும். நகலைப் பார்ப்பவருக்கு "12,000 பில்லில் நம் பங்கு 1,800" என்று அங்கேயே தெரிய வேண்டும். பங்கைக் குறிக்காத நகல் ஆபத்து. ஒரே பில் இரண்டு நிதியாளர்களிடம் முழுத் தொகைக்குப் போய்விட அது போதும்.

## எழுதிய நேரம் பொய் என்று எப்படித் தெரியும்

நேரத்தால் பிரிக்கும் முறை முழுக்க டைம்ஷீட்டை நம்பி நிற்கிறது. டைம்ஷீட்டோ, மாத இறுதியில் அவசரமாக ஒரே பேனாவால் நிரப்பப்படும் தாள் என்று ஊரறியும். ஆடிட்டர்கள் முதலில் பார்ப்பது சில எளிய விஷயங்களைத்தான். ஆறு மாதமும் அச்சடித்தது போல 25, 15, 60 என்றே வந்தால், வேலையைப் பார்த்து எழுதவில்லை, பட்ஜெட்டைப் பார்த்து எழுதினார்கள் என்று பொருள். விடுப்பு எடுத்த நாளில் எட்டு மணிநேரம் இருந்தால் வருகைப் பதிவோடு ஒப்பிட்டதும் மாட்டிக்கொள்ளும். இன்னொன்று, ஒருவருடைய சம்பளத்தில் 60 சதவீதம் குடிநீரில் போகிறது, ஆனால் வாடகைக்கு எடுத்த விகிதத்தில் அவர் 30 சதவீதம்தான் குடிநீர். ஒரே மனிதருக்கு ஒரே மாதத்தில் இரண்டு விதமான நேரம் இருக்க முடியாது.

பட்ஜெட் விகிதத்தை வைத்துத் தற்காலிகமாகப் பிரிப்பது தவறல்ல. சில இடங்களில் அதுதான் வசதி. பின்னால் உண்மையான நேரத்துக்கு ஏற்பத் திருத்துகிறோமா என்பதே கேள்வி. அமெரிக்க மத்திய அரசின் மானிய விதிகளில் சம்பளச் செலவுக்கு இதை வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள்: முன்கூட்டிப் போட்ட மதிப்பீடு மட்டும் ஆதாரமாகாது, இடைக்காலக் கணக்குக்குப் பயன்படுத்தலாம், பிறகு இறுதித் தொகை சரியாக வரும்படி திருத்த வேண்டும். வாடகையைப் பிரிக்கவும் அதே டைம்ஷீட்டைத்தானே எடுக்கிறோம். காலாண்டுக்கு ஒரு முறை திருத்துவது சிறிய நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகும். முதல் காலாண்டில் 60 சதவீதம் என்று பிரித்த குடிநீருக்கு உண்மையில் 52 சதவீத நேரமே ஆகியிருந்தால், வேலைக்கூடத்தின் மூன்று மாத வாடகை 37,500-இல் 8 சதவீதமான 3,000-ஐக் குடிநீரிலிருந்து எடுத்து, நேரம் கூடிய திட்டத்தில் போட வேண்டும்.

அடிப்படையையே மாற்றுவது இதிலிருந்து வேறுபட்டது. நேரத்திலிருந்து பரப்பளவுக்கோ, பரப்பளவிலிருந்து நேரத்துக்கோ மாறலாம். காரணத்தை எழுதி, வரும் மாதத்திலிருந்து, எல்லாத் திட்டங்களுக்கும் சேர்த்து மாற்ற வேண்டும். போன மாதத்துக்கு மட்டும், ஒரு திட்டத்துக்கு மட்டும் மாற்றினால் அது "எதில் பணம் மிச்சம்" என்ற பழைய பதிலின் மறுவடிவம்தான்.

## ஒரு திட்டம் முடிந்துபோனால்

குடிநீர்த் திட்டம் ஆண்டு நடுவில் முடிகிறது. அதனிடமிருந்து வந்துகொண்டிருந்த 7,500 நின்றுவிட்டது, வாடகை மட்டும் அதே 60,000. பலருக்கு இதுதான் அதிர்ச்சி. திட்டம் போகும்போது தன் பங்கு வாடகையையும் எடுத்துக்கொண்டு போகும் என்று நினைத்திருப்பார்கள்.

அடுத்து என்ன நடக்கும் என்பது வேலைக்கூடத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதே 4 பேரும் இருக்கிறார்கள், இனி கல்விக்கும் மருத்துவத்துக்கும் மட்டும் வேலை செய்கிறார்கள், நேரமும் முன்பு போல 150-க்கு 90 என்ற விகிதத்திலேயே பிரிகிறது என்றால், 12,500-இல் கல்விக்கு 7,812.50, மருத்துவத்துக்கு 4,687.50. பங்கு கூடியது சரிதான். அந்த இடத்தை இப்போது அவர்கள்தான் பயன்படுத்துகிறார்கள்.

இரண்டு பேர் வேலையை விட்டுப் போய், இரண்டு மேசைகள் காலியாகக் கிடக்கின்றன என்றால் அப்படிச் செய்யக் கூடாது. காலி மேசையால் கல்வித் திட்டத்துக்கு ஒரு பயனும் இல்லை. கூடத்தின் பாதியான 125 சதுர அடி, மாதத்துக்கு 6,250, யாருடைய வேலைக்கும் பயன்படாத இடம். அதை நிறுவனம் தன் சொந்த நிதியில் ஏற்க வேண்டும். மீதி 6,250-ஐ மட்டும் நேரத்தால் பிரிக்க வேண்டும். புதிய திட்டம் ஒன்று வரும் வரையோ, வீட்டு உரிமையாளரிடம் பேசி இடத்தைக் குறைக்கும் வரையோ அந்த 6,250 ஒவ்வொரு மாதமும் தாளில் தனி வரியாகவே நிற்கும். நிர்வாகக் குழுக் கூட்டத்தில் அந்த வரியைக் காட்டினால், சின்ன அலுவலகத்துக்கு மாறும் பேச்சு தானாகத் தொடங்கிவிடுகிறது.